வரைபடத் தேடல்: பி-ட்ரீயா, ஜியோஹாஷா, ஆர்-ட்ரீயா?

வரைபடத்தை விரலால் நகர்த்தும் ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்திடம் ஒரே கேள்விதான் போகிறது: திரையில் தெரியும் இந்தச் செவ்வகத்துக்குள் என்னென்ன இருக்கின்றன? இதற்கு எந்த இன்டெக்ஸை வைப்பது என்பதில் மூன்று கட்சிகள் உண்டு. இருக்கிற பி-ட்ரீயே போதும் என்பது ஒன்று, நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும் ஜியோஹாஷ் போதும் என்பது இரண்டாவது, ஆர்-ட்ரீ வேண்டும் என்பது மூன்றாவது. நான் மூன்றாவது கட்சி. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு சேர்ந்தவன் அல்ல.

முதலில் பி-ட்ரீயை ஒரு கணக்கில் வைத்துப் பார்ப்போம். ஒரு பாகை நீளமும் ஒரு பாகை அகலமும் உள்ள பரப்பில் 10 லட்சம் புள்ளிகள் சீராகப் பரவியிருக்கின்றன என்று கொள்வோம். நாம் தேடும் சாளரம் 0.02 பாகைக்கு 0.02 பாகை. அதற்குள் விழும் புள்ளிகள் சுமார் 400. தீர்க்கரேகை முதலிலும் அட்சரேகை அடுத்தும் வருமாறு ஒரு கூட்டு இன்டெக்ஸ் போட்டால், அது தீர்க்கரேகையின் வரிசையில்தான் அடுக்கும். ஆகவே வடக்கு முதல் தெற்கு வரை நீளும் 0.02 பாகை அகலமுள்ள பட்டை முழுவதையும் படித்தாக வேண்டும். அதில் 20,000 பதிவுகள் இருக்கும். ஒரு பக்கத்துக்கு 100 பதிவு என்றால் 200 பக்கங்கள். தேவைப்பட்டது 400 பதிவு, புரட்டியது 20,000.

புள்ளிகளுக்கே இந்த நிலை. கட்டடம், ஏரி, காடு என்று பரப்புள்ளவை வந்தால் பி-ட்ரீ கையை விரித்துவிடும். ஒரு செவ்வகம் சாளரத்தைத் தொடுகிறதா என்று கேட்க, அதன் இடது விளிம்பு சாளரத்தின் வலது விளிம்பைத் தாண்டாமல் இருக்க வேண்டும் என்கிற மாதிரி நான்கு நிபந்தனைகள் வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு பக்கம் திறந்த நிபந்தனை. சாளரம் பரப்பின் நடுவில் இருந்தால், முதல் நிபந்தனைக்கே ஏறக்குறைய பாதி அட்டவணை தகுதி பெற்றுவிடும்.

ஆர்-ட்ரீ வேறு வழியில் போகிறது. அன்டோனின் கட்மன் 1984-இல் முன்வைத்த இந்த மரத்தில் வரிசை என்ற பேச்சே இல்லை. அருகருகே இருக்கும் செவ்வகங்களை ஓர் இலையில் சேர்த்து, அவை அனைத்தையும் சரியாக உள்ளடக்கும் மிகச் சிறிய செவ்வகத்தை அந்த இலையின் எல்லைப்பெட்டியாகக் குறித்துக்கொள்கிறது. அருகருகே உள்ள எல்லைப்பெட்டிகளைச் சேர்த்து மேலே இன்னொரு பெட்டி, அப்படியே வேர் வரை. தேடும்போது வேரிலிருந்து இறங்கி, சாளரத்தைத் தொடாத பெட்டியைத் திறக்காமலே விட்டுவிடலாம். அதற்குள் ஆயிரம் இருந்தாலும் லட்சம் இருந்தாலும் கவலையில்லை.

அதே 10 லட்சம் புள்ளிகளை இலைக்கு 100 வீதம் நன்றாக அடுக்கினால் 10,000 இலைகள். ஒவ்வொன்றும் 0.01 பாகைப் பக்கமுள்ள சதுரம் போல இருக்கும். நம் சாளரம் பெரும்பாலும் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது இலைகளைத் தொடும். மேல்மட்டத்தில் ஒன்று முதல் நான்கு கணுக்கள், அதற்கு மேல் வேர். மொத்தம் 11 முதல் 14 பக்கங்கள். பி-ட்ரீக்கு ஆன 200-ஐ இதன் அருகில் வைத்துப் பாருங்கள்.

ஜியோஹாஷை இந்த இடத்தில் நியாயமாக நடத்த வேண்டும். புள்ளிகள் மட்டுமே இருந்தால், உணவு விநியோகம், வாடகைக் கார் போன்ற வேலைகளுக்கு அது நன்றாகவே ஓடும். நிலத்தைக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எழுத்துக்கோவை கொடுக்கிறது. முன்னொட்டு ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒரே கட்டம், எனவே சாதாரண பி-ட்ரீயிலேயே தேடலாம். வண்டிகள் நொடிக்கு நொடி நகரும் இடத்தில் இது ஆர்-ட்ரீயைவிட எளிது, ஏனெனில் மாற்றுவது ஒரே ஓர் எழுத்துக்கோவைதான்.

சிக்கல் விளிம்பில் இருக்கிறது. லண்டன் கிரீனிச்சில் பூஜ்யத் தீர்க்கரேகைக்கு மேற்கே இருக்கும் வீட்டின் குறியீடு `g` என்று தொடங்கும், கிழக்கே இருக்கும் வீட்டுடையது `u` என்று தொடங்கும். தெருவில் எதிரெதிர் வீடு, குறியீட்டில் முதல் எழுத்தே ஒட்டவில்லை. அண்டைக் கட்டங்கள் எட்டையும் சேர்த்துத் தேடினால் இது தீரும். ஆனால் ஒரு பெரிய காடு ஆயிரக்கணக்கான கட்டங்களில் படரும்போது, அதை எல்லாக் கட்டங்களிலும் பதிவதா, பெரிய கட்டம் ஒன்றில் பதிந்துவிட்டு ஒவ்வொரு தேடலிலும் அதையும் எட்டிப் பார்ப்பதா என்ற தொல்லை தீராது. அளவில் மாறுபட்ட உருவங்கள் கலந்திருந்தால் நான் ஜியோஹாஷை எடுக்கமாட்டேன்.

ஆர்-ட்ரீயை எடுத்தால் எல்லாம் முடிந்தது என்றும் இல்லை. பி-ட்ரீயில் ஒரு மதிப்பைத் தேட ஒரே பாதைதான். ஆர்-ட்ரீயில் எல்லைப்பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று படியலாம். படிந்தால் ஒரே புள்ளிக்குப் பல கிளைகளில் இறங்க வேண்டியிருக்கும். மேலே போட்ட 14 பக்கக் கணக்கு, மரம் நன்றாக அடுக்கப்பட்டிருந்தால் மட்டுமே உண்மை. செவ்வகங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால், நிரம்பிய கணு பிளக்கும்போது அன்றைக்கு இருந்ததை வைத்து ஒரு முடிவெடுக்கும். பின்னால் வருபவை அந்த முடிவைப் பொய்யாக்கினாலும் அது திருத்திக்கொள்ளாது. 1990-இல் வந்த ஆர்-ஸ்டார் மரம் இதைத்தான் பிடித்தது: கணு நிரம்பியதும் உடனே பிளக்காமல், மையத்திலிருந்து தொலைவில் இருக்கும் 30 சதவீதத்தை எடுத்து மீண்டும் மேலிருந்து செருகிப் பார்க்கும்.

தரவு முழுவதும் முன்கூட்டியே கையில் இருந்தால் இன்னும் எளிய வழி உண்டு. எஸ்டிஆர், அதாவது Sort-Tile-Recursive, என்பது அதன் பெயர். 10 லட்சம் செவ்வகங்களையும் மையத்தின் தீர்க்கரேகைப்படி வரிசையாக்கி, 100 செங்குத்துப் பட்டைகளாக வெட்டுங்கள். ஒவ்வொரு பட்டையையும் அட்சரேகைப்படி வரிசையாக்கி, நூறு நூறாக இலைகளில் போடுங்கள். அதே முறையில் மேல்மட்டங்களையும் கட்டுங்கள். இலைகள் நிரம்பியும் இருக்கும், மேற்படிதலும் குறையும். கட்டட வரைபடம் போல அரிதாக மாறும் தரவுக்கு இதையே செய்வேன்.

எந்த முறையில் கட்டினாலும் மாறாத குறை ஒன்று மிஞ்சுகிறது: பெட்டி என்பது உருவம் அல்ல. நார்வே சாய்ந்து நீண்ட நாடு. அதன் நிலப்பரப்பைச் சுற்றிப் பெட்டி போட்டால் ஸ்டாக்ஹோமும் ஹெல்சிங்கியும் தாலினும் உள்ளே வந்துவிடும். 180-ஆவது தீர்க்கரேகையைத் தாண்டும் ரஷ்யாவுக்கும், அலூஷியன் தீவுகளோடு சேர்ந்த அமெரிக்காவுக்கும் ஒரே பெட்டி போட்டால் அது உலகையே குறுக்காகச் சுற்றி வரும். ஸ்டாக்ஹோமில் ஒரு தெருமுனை எந்த நாட்டில் இருக்கிறது என்று கேட்டால், ஆர்-ட்ரீ ஸ்வீடனோடு இந்த மூன்றையும் நீட்டும். உண்மையான எல்லைக்கோட்டை வைத்து ஒவ்வொன்றையும் சோதித்து மூன்றை விலக்க வேண்டும். ஆயிரக்கணக்கான முனைகள் கொண்ட எல்லைக்கோடு என்றால் அந்தச் சோதனைதான் நேரத்தைத் தின்கிறது, மரம் அல்ல.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் வரைபட நீட்சியான போஸ்ட்ஜிஸ்ஸில் இது நடக்கிறதா என்று பார்க்க, கேள்விக்கு முன் `EXPLAIN (ANALYZE, BUFFERS)` சேர்த்து ஓட்டுங்கள். விடையில் சில வரிகளே வர, `Rows Removed by Filter` அதைவிடப் பல மடங்கு இருந்தால், பெட்டிகள் வெறுமையைச் சுமக்கின்றன என்று பொருள். அங்கே இன்டெக்ஸை மாற்றிப் பயனில்லை. உருவங்களை வெட்ட வேண்டும். கீழே `gist` என்பது போஸ்ட்ஜிஸ்ஸில் ஆர்-ட்ரீயைக் கட்டும் இன்டெக்ஸ் வகை:

```sql
CREATE TABLE countries_cut AS
SELECT id, ST_Subdivide(geom, 256) AS geom
FROM countries;

CREATE INDEX ON countries_cut USING gist (geom);
```

இப்போது நார்வே பல துண்டுகள். ஒவ்வொரு துண்டிலும் முனைகள் 256-ஐத் தாண்டாது. ஸ்டாக்ஹோமை எந்த நார்வேத் துண்டின் பெட்டியும் தொடுவதில்லை. இதற்கு விலையும் உண்டு. ஒரே நாடு பல வரிகளாக வரும் என்பதால் கேள்வியில் `DISTINCT` வேண்டும். மூல அட்டவணை மாறும்போதெல்லாம் வெட்டிய அட்டவணையையும் புதுப்பிக்க வேண்டும்.