உடனே வகுப்பறையா, முதலில் சிறப்புப் பயிற்சியா?

நெல்லை சந்திப்பில் பூ விற்கும் சிறுவர்களைப் பள்ளிக்கு மீட்க முனைவோர் இவ்விரு வழிகளுக்கிடையே தயங்குகிறார்கள்.

நம்பிக்கை: நேரடிச் சேர்க்கையில் ஆசிரியர் பிள்ளைக்கு அந்நியர். பயிற்சி வழியில், ஒரே பணியாளர் மாலைதோறும் அதே இடத்துக்கு வந்து, வீட்டு விவரங்களைத் துருவாமல் பேசிப் பழகிய பின்பே எழுத்தைத் தொடங்குகிறார். சொன்ன நாளில் அவர் வராவிட்டால் பிள்ளை விலகிவிடும்.

படிப்பு: 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் வயதுக்கேற்ற வகுப்பையும், ஈடுகொடுக்கச் சிறப்புப் பயிற்சியையும் சேர்த்தே தருகிறது. எழுத்துக் கூட்டத் தெரியாத 12 வயதுச் சிறுவனை ஏழாம் வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால், கூசிப்போய் மறுநாளே பூக்கூடைக்குத் திரும்பிவிடுவான்.

வருமானம்: இழப்பை இரண்டுமே ஈடுசெய்யாது, தாயிடம் தனியே பேசியாக வேண்டும்.

அண்மையில் இடைநின்று, சரளமாக வாசிக்கும் பிள்ளைக்கு நேரடிச் சேர்க்கையே பொருந்தும். நெடுநாள் தெருவில் உழைத்தவனுக்குப் பயிற்சியே ஏற்றது. ஆயினும் அவன் பெயரை முதலிலேயே பள்ளிப் பதிவேட்டில் ஏற்றிவிட வேண்டும்.