மேல் பாக்கெட்டை நம்பினேன், ஐந்து பாக்கெட் பணம் போச்சு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். மளிகை டெலிவரி ஆப் ஒன்றில் ஆறு பாக்கெட் சேர்த்து வாங்கினால் தள்ளுபடி என்று போட்டிருந்தார்கள். ஒரு கிலோ ஓட்ஸ், ஆறு பாக்கெட். செப்டம்பர் 3 காலையில் பெட்டி வந்தது.

வாசலிலேயே பெட்டியைத் திறந்தேன். அதுவரைக்கும் சரியாகத்தான் செய்தேன். மேலே இருந்த பாக்கெட்டில் தயாரிப்புத் தேதி 25/06/25, 'பெஸ்ட் பிஃபோர்: தயாரித்ததிலிருந்து 9 மாதம்' என்று இருந்தது. மார்ச் வரை கவலை இல்லை என்று நம்பி ஓடிபி சொல்லிவிட்டேன். கீழே இருந்த ஐந்தையும் புரட்டிப் பார்க்கவில்லை.

மதியம் டப்பாவில் கொட்டும்போதுதான் பார்த்தேன். அந்த ஐந்திலும் ஒட்டு மடிப்புக்குள் மங்கலாக 11/12/24. முதல் பாக்கெட்டில் 25 முன்னால் வருவதால் இவர்கள் நாளைத்தான் முதலில் போடுகிறார்கள். ஆக, இது டிசம்பர் 11. ஒன்பது மாதம் கூட்டினால் செப்டம்பர் 11. எட்டே நாள்! ஒரு வேளைக்கு 50 கிராம் என்றால் ஐந்து கிலோ நூறு வேளைக்கு வரும். எட்டு நாளில் யார் சாப்பிட்டு முடிப்பது?

உதவி அரட்டையில் முதலில் வந்தவர், "இன்னும் காலாவதி ஆகவில்லையே, திரும்பப் பெற முடியாது" என்றார். அடுத்தவர், "சரிபார்த்துத்தானே ஓடிபி கொடுத்தீர்கள்?" என்றார். மூன்றாவது முறை போட்டோவோடு அனுப்பினேன். அதையும் ஏற்காமல் புகாரை மூடிவிட்டார்கள். ஐந்து பாக்கெட் பணம்!

'பெஸ்ட் பிஃபோர்' தாண்டிய மறுநாளே அது விஷமாகிவிடாது, தெரியும். அது தரத்துக்கான தேதி. 'யூஸ் பை' என்று போட்டிருந்தால்தான் அந்த நாளுக்கு மேல் தொடவே கூடாது. ஆனால் ஓட்ஸில் கொழுப்பு உண்டு, சூடான கிடங்கில் நாள்பட இருந்தால் காறிப்போகும். பிரித்த பாக்கெட்டில் இப்போதே லேசாகப் பழைய எண்ணெய் வாடை. வெளியே ஒன்பது மாதம் என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, எப்போது தொடங்கியது என்பதை மட்டும் மடிப்பில் ஒளித்து வைத்தால் அவசரத்தில் யார் கண்ணில் படும்?

நிறைய அறிவுரை எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. மேல் பாக்கெட்டை நம்பாதீர்கள், அடியில் இருப்பதை எடுங்கள். அட்டைப்பெட்டியின் மேல் உள்ள தேதியும் வேண்டாம், உள்ளே உள்ள ஒவ்வொன்றையும் பாருங்கள். மாதக் கணக்கு மட்டும் இருந்தால் தயாரிப்புத் தேதியோடு கூட்டிப் பாருங்கள். டெலிவரி தம்பி அவசரப்படுத்தினாலும் பார்த்து முடிக்கும்வரை ஓடிபி சொல்லாதீர்கள். தேதி தெரியும்படி வாசலிலேயே ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுத்தது மதியம், அதைத்தான் "டெலிவரிக்குப் பிறகு எடுத்தது" என்று தள்ளிவிட்டார்கள்.