அட்டைக்கு ஆறு மருந்து, இரண்டு அடுக்கு: அல்சர் கிருமிக்கான கிட்டுகள்

வயிற்றுப்புண் உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமிக்கு எங்கள் கிருஷ்ணகிரி மருந்துக் கடையில் இரண்டு கிட்டுகள் வைத்திருக்கிறோம். ஒன்றில் அமாக்சிசிலின், கிளாரித்ரோமைசின், அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல். மற்றதில் டினிடசோல், கிளாரித்ரோமைசின், அமிலத்தைக் குறைக்கும் லான்சோபிரசோல். இரண்டிலும் ஓர் அட்டை ஒரு நாளுக்கு உரியது. மூன்று மருந்தும் இரண்டிரண்டாக ஆறு இருக்கும்.

அடுக்கியிருக்கும் விதம்தான் வேறு. அமாக்சிசிலின் அட்டையில் மேல் வரிசை காலைக்கு, கீழ் வரிசை இரவுக்கு. வரிசைக்கு மூன்று மருந்தும் ஒவ்வொன்று. டினிடசோல் அட்டையிலோ வரிசைக்கு ஒரே மருந்து இரண்டு. இதில் வேளையை நெடுக்காகப் பார்க்க வேண்டும்.

பாலக்கோட்டிலிருந்து வந்த ஓர் அம்மா, டினிடசோல் கிட்டைப் பதினான்கு நாளும் தவறாமல் சாப்பிட்டார். காலையில் முதல் வரிசை, மதியம் களி உண்டபின் இரண்டாவது, இரவு மூன்றாவது! தீர்ந்த அட்டைகளை எண்ணினால் கணக்குச் சரியாகவே வரும். ஆனால் முதல் வரிசையில் இருந்த லான்சோபிரசோல் இரண்டும் காலையிலேயே போய்விட்டதால் இரவில் அமிலம் மீண்டும் ஏறியிருக்கும். அமிலம் கூடினால் கிளாரித்ரோமைசின் திறன் குறையும். அது உடலில் நெடுநேரம் தங்காத மருந்து; பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வேண்டியது, நாளுக்கு ஒருமுறையானது. பாதி தீர்ந்த ஓர் அட்டையை அவர் காட்டியபோதுதான் எனக்குப் புரிந்தது: கிழிந்திருந்தது நெடுக்கில் அல்ல, குறுக்கில்.

பிறகு செய்த மலப் பரிசோதனையில் கிருமி இருந்தது. தவறான வரிசைதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது; கிருமிக்கு முன்பே கிளாரித்ரோமைசின் எதிர்ப்பு இருந்திருக்கலாம். டாக்டர் கிளாரித்ரோமைசின் இல்லாத வேறு மருந்துகளை எழுதினார்.

மருந்தைப் பொறுத்தவரை எனக்கு அமாக்சிசிலின் கிட்தான் மேல். டினிடசோல் குடும்பத்தை எதிர்க்கும் கிருமி நம் நாட்டில் அதிகம். டினிடசோல் சாப்பிடும் நாட்களிலும் நிறுத்திய பின் மூன்று நாட்களும் மதுவைத் தொடக் கூடாது. பென்சிலின் ஒவ்வாதவர்களுக்கு மட்டும் அமாக்சிசிலின் கிட் கூடவே கூடாது. கிட் கொடுக்கும்முன் அதைக் கேட்டுவிடுகிறேன்.

காலை, இரவு என்று பிரித்த அட்டையிலும் ஒரு சிக்கல் உண்டு. மூன்றும் ஒன்றாக இருப்பதால் ஒரே மடக்கில் விழுங்கிவிடுகிறார்கள். அமில மருந்தைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பும், மற்ற இரண்டையும் சாப்பிட்டதும் எடுக்கும்படி டாக்டர் எழுதியிருப்பார். அதனால் அந்த ஒன்றைப் பேனாவால் வட்டமிட்டுத் தருகிறேன். டினிடசோல் அட்டையில் நடுவே நெடுக்கில் ஒரு கோடு போட்டு, இடப்புறம் 'காலை', வலப்புறம் 'இரவு' என்று எழுதுகிறேன்.

வலி நின்றதும் கிருமி போயிற்று என்று நினைக்க வேண்டாம், அமில மருந்தே வலியை அடக்கிவிடும். கிட் முடிந்து நான்கு வாரமாவது கழித்து, அமில மருந்தை இரண்டு வாரம் நிறுத்திய பிறகு செய்யும் மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோதான் அதைச் சொல்லும்.