ஒன்றரை எச்பி நீச்சல்குளப் பம்ப்: ஷாஃப்ட் சீல் மாற்றிய பிறகு

"எனக்கும் இதையே வாங்கலாமா?" என்று நண்பர் கேட்டார். மோட்டார் சூடாவதில்லை, ஸ்ட்ரெய்னர் மூடி ஒழுகுவதில்லை. மோட்டார் தண்டு வழியே தண்ணீர் ஒழுகாமல் தடுக்கும் சீலை இப்போது மாற்றினேன், அது தேய்மானப் பொருள்தான், அதற்காகத் திட்ட மாட்டேன். ஆத்திரமெல்லாம் பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் "மணிக்கு 22 கன மீட்டர்" மேல்தான். எந்தத் தடையும் இல்லாமல் தண்ணீர் ஓடினால் கிடைக்கும் அளவு அது. பைப்பும் ஃபில்டரும் மாட்டிய எந்தக் குளத்திலும் அது வராது.

குளம் 8 × 4 மீட்டர், சராசரி ஆழம் 1.5. ஆக 48 கன மீட்டர். முழுத் தண்ணீரும் 6 மணி நேரத்தில் ஒருமுறை சுற்ற, மணிக்கு 8 கன மீட்டர் போதும். (வடிகட்டிய நீர் குளத்திலேயே கலப்பதால், ஒரு சுற்றில் ஏறக்குறைய 63 சதவீதத் தண்ணீர்தான் உண்மையில் ஃபில்டரைப் பார்த்திருக்கும். அதனால் நாளுக்கு இரண்டு சுற்று ஓட்டுவது நல்லது.)

இந்தப் பம்ப் எவ்வளவு தள்ளுகிறது? ஃபில்டர் சுத்தமாக இருக்கும்போது அதன் கேஜ் 1.3 பார் காட்டுகிறது, உறிஞ்சும் பக்கம் 0.3 பார் வெற்றிடம். இரண்டையும் கூட்டினால் 1.6 பார், அதாவது தண்ணீரை ஏறக்குறைய 16 மீட்டர் உயரத்துக்குத் தூக்கும் அழுத்தம், பம்ப் மொழியில் 16 மீட்டர் ஹெட். எந்த ஹெட்டில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று காட்டும் பம்ப் கர்வில் 16 மீட்டருக்கு நேராகப் பார்த்தால் மணிக்கு 14 கன மீட்டர். பெட்டிக் கணக்கில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. ஆனாலும் தேவைக்கு மிக அதிகம். 50 மி.மீ. வெளிவிட்டமுள்ள பைப்பில் வேகம் விநாடிக்கு 2.4 மீட்டரைத் தாண்டுகிறது. உறிஞ்சும் பக்கம் 1.5ஐ ஒட்டி இருப்பதுதான் நல்லது. ஸ்ட்ரெய்னர் மூடிக்குள் காற்றுக்குமிழே இல்லாதபோதும் பம்ப் ஜல்லி அரைப்பதுபோல் சத்தமிடுவது இதனால்தான். அந்த அதிர்வு சீலுக்கும் ஆகாது. 500 மி.மீ. மணல் ஃபில்டரும் 10 கன மீட்டருக்கு மேல் சரியாக வடிகட்டாது.

ஓட்டம் குறைந்தால் பைப்பிலும் ஃபில்டரிலும் உள்ள உராய்வு அதன் வர்க்கத்தில் குறையும். பலர் தவறவிடும் இடம் இது. 14இலிருந்து 8க்கு இறங்கினால் 16 மீட்டர் ஹெட் ஏறக்குறைய 5 மீட்டராகிவிடும். ஃபில்டர் அழுக்கேறி, தண்ணீரை எதிர்த்திசையில் விட்டுக் கழுவும் பேக்வாஷ் கேட்கும் நேரத்தில் கேஜ் அரை பார் கூடியிருக்கும், அதற்கு இன்னொரு 5 மீட்டர். எனவே கடையில் கேட்க வேண்டியது எச்பி அல்ல: "10 மீட்டர் ஹெட்டில் மணிக்கு 8 கன மீட்டர்". முக்கால் எச்பி பம்ப்களின் கர்வில் தேடினால் கிடைக்கும்.

இப்போதைக்கு வெளியேறும் பக்க வால்வைத் திருகி ஓட்டத்தைக் குறைத்து வைத்திருக்கிறேன். சத்தம் அடங்கிவிட்டது, மின்சாரம் வீணாவது நிற்கவில்லை. உறிஞ்சும் பக்க வால்வை மட்டும் யாரும் தொட வேண்டாம், சத்தம் இன்னும் மோசமாகும்.

பம்ப் தரமானது, ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். நண்பரே, வாங்காதீர்கள்.