ட்ராலியா, எடிட்டில் கிராப்பா: ஒன்றரை நிமிட மோனோலாக்குக்கு நான் எடுத்த முடிவு

நடிகர் கேமராவைப் பார்த்தே பேசுகிறார். அப்பா கடைசியாக அழைத்தபோது போனை எடுக்காத மகன். ஒன்றரை நிமிடம், ஒரே ஷாட், முகத்தை நோக்கி மெல்ல நெருங்க வேண்டும். கேமராவை ட்ராலியில் தள்ளலாம். அல்லது அசையாமல் 4K-யில் எடுத்து, எடிட்டில் கிராப் செய்து பெரிதாக்கலாம். படம் 1080-இல் வெளிவருவதால் இரண்டு மடங்கு வரை தெளிவு குறையாது.

செலவு, ஆள், நேரம் எல்லாவற்றிலும் கிராப்தான் மேல். அதில் பேச்சே இல்லை. இருந்தும் நான் ட்ராலிக்குத்தான் போனேன்.

காரணம் பின்சுவர். கேமரா 2 மீட்டரிலிருந்து 1 மீட்டருக்கு வந்தால் முகம் இரண்டு மடங்காகிறது. நடிகருக்கு 3 மீட்டர் பின்னால் உள்ள சுவரோ கால் பங்குதான் பெரிதாகிறது. முகம் சுவரைவிட்டுப் பிரிந்து நம் பக்கம் வருகிறது. கிராப்பில் முகமும் சுவரும் சேர்ந்தே பெரிதாகும். போட்டோவை விரலால் விரித்துப் பார்ப்பது போலத்தான் இருக்கும்.

ஆனால் எங்களைப் படுத்தியது மௌனம். “அன்னைக்கு நான் போனை எடுத்திருக்கணும்” என்ற வரிக்குப் பிறகு முதல் டேக்கில் 2 விநாடி நிறுத்தினார், நான்காவதில் 6. தள்ளுபவர் மனதுக்குள் விநாடி எண்ணிக்கொண்டிருந்தார். கடைசி வரி வருவதற்குள் ட்ராலி எல்லைக்குப் போய் நின்றுவிட்டது. கிராப்பில் இந்தத் தொல்லை கிடையாது, நகர்வை மௌனத்துக்கு ஏற்ப எடிட்டில் நீட்டிக்கொள்ளலாம். அப்புறம் தரையில் 25 செ.மீ.க்கு ஒரு டேப் ஒட்டி, ஒவ்வொன்றிலும் வசனத்தின் ஒரு சொல்லை எழுதினோம். தள்ளுபவர் எண்ணுவதை விட்டு, காதில் விழும் சொல்லைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தார். மௌனத்தில் நிற்காமல் வேகத்தை மட்டும் குறைத்தார். அங்கே நின்றால் அடுத்த அசைவு குலுக்கலாகத் தெரிகிறது.

ஒளி மாற்றமும் அந்த மௌனத்தில்தான். இடப்பக்க விளக்கை டிம்மரில் இறக்க, வலப்பக்கத்தின் மங்கிய ஒளி மட்டும் மிஞ்சியது. கேமராவின் ஆட்டோ எக்ஸ்போஷரை அணைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் நாம் இருட்டாக்க ஆக்க அது வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டே போகும். விளக்கு லென்ஸுக்கு அருகில் இருந்தால், நெருங்கி வரும் கேமராவின் நிழல் முகத்தில் விழும். எங்களுக்கு ஒரு டேக் அப்படியே வீணானது.

ட்ராலியின் இன்னொரு தலைவலி ஃபோகஸ். தூரம் பாதியானால், ஃபோகஸில் நிற்கும் ஆழம் ஏறக்குறைய கால்வாசியாகிவிடும். நடிகர் தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்தாலே கண் மங்கி, காது தெளியும். ஃபோகஸுக்கென்று தனி ஆள் இல்லையென்றால் நானே கிராப்பைத்தான் சொல்வேன். மோட்டார் ஸ்லைடரை ஒரே ஒரு முறைதான் தொட்டிருக்கிறேன், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அது வசனத்தைக் கேட்டு வேகத்தைக் குறைக்காது என்பது மட்டும் தெரியும்.