மயிலாடுதுறைக்கும் காரைக்காலுக்கும் ஒரே 609. வண்டிக்கு மட்டும் வேறு எழுத்து

நான் இருப்பது அமெரிக்காவில், டென்னசி மாநிலத்தில். அங்கே முகவரியில் TN என்று எழுதினால் டென்னசி, IN என்று எழுதினால் இண்டியானா. அதனால் ஊருக்குப் பார்சல் அனுப்பும்போது எதையும் சுருக்க மாட்டேன். தமிழ்நாடு என்று முழுசாக எழுதி, இந்தியா என்பதைக் கடைசி வரியில் தனியாகப் போட்டுவிடுவேன். இந்தத் தடவை மயிலாடுதுறையில் மூன்று வாரம் தங்கியபோது, ஊருக்குள்ளேயே இந்த எழுத்துகளைக் கவனிக்க வேண்டியிருந்தது.

முதலில் அத்தைக்கு ஆன்லைனில் ஒரு மிக்சி வாங்கினேன். அத்தை வீடு காரைக்காலில், பின்கோடு 609602. எங்கள் வீட்டுப் பின்கோடு 609001. இரண்டும் 609 என்பதால் யோசிக்காமல் மாநிலம் என்ற இடத்தில் தமிழ்நாடு என்று தேர்ந்தெடுத்தேன். பின்கோடும் மாநிலமும் பொருந்தவில்லை என்றே திரும்பத் திரும்ப வந்தது. அத்தை மகன்தான் சொன்னான்: "அண்ணே, இது புதுச்சேரி. அதைப் போடுங்க." போட்டதும் ஆர்டர் போய்விட்டது.

1972-இல் வந்த பின்கோடு தபாலைப் பிரிக்கும் வசதிக்காக அமைந்தது. மாநில எல்லைக்கு அது முழுக்கக் கட்டுப்படுவதில்லை. முதல் எண் 6 என்றால் தமிழ்நாடு, கேரளம், அவற்றை ஒட்டிய புதுச்சேரிப் பகுதிகள், லட்சத்தீவு. முதல் மூன்று எண்ணும் சேர்ந்து தபால் பிரிக்கும் வட்டாரத்தைக் காட்டும், கடைசி மூன்றும் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தை. அதனால்தான் தரங்கம்பாடிக்கும் (609313), எல்லை தாண்டிய காரைக்காலுக்கும் தொடக்கம் ஒன்று. இதே காரணத்தால் புதுச்சேரி ஆட்சிக்குள் இருக்கும் மாஹேக்குக் கேரளத்தின் 673-உம், ஏனாமுக்கு ஆந்திரத்தின் 533-உம் வருகின்றன.

வண்டிப் பலகை அப்படியில்லை. அது எந்த ஆட்சியில் பதிவு என்பதைச் சொல்கிறது. மாஹே வண்டி கேரளத்துக்கு நடுவில் ஓடினாலும் அதில் இருப்பது PY 03. காரைக்காலுக்கு PY 02, ஏனாமுக்கு PY 04. எழுத்துக்குப் பின்வரும் எண் மாவட்டத்தின் எண் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் எண். தஞ்சாவூருக்கு TN 49. அதே மாவட்டத்துக்குள் இருக்கும் கும்பகோணத்துக்கு TN 68. மயிலாடுதுறை பேருந்து நிலையத்தில் TN 68 N என்று அரசுப் பேருந்தைப் பார்த்தால், அந்த N அரசுப் போக்குவரத்துக் கழக வண்டிக்கான வரிசை.

அப்பாவின் ஸ்கூட்டர் TN 51, அதாவது நாகப்பட்டினம் அலுவலகப் பதிவு. இப்போது மயிலாடுதுறை வண்டிகளுக்கு TN 82. அப்பாவுக்கு வந்த பழைய கடிதங்களில் தஞ்சாவூர் மாவட்டம் என்றிருக்கும். 1991-க்குப் பிறகு வந்தவற்றில் நாகை மாவட்டம். 2020-இல் மயிலாடுதுறையே தனி மாவட்டம் ஆகிவிட்டது. மாவட்டப் பெயர் இப்படி மாறிக்கொண்டே இருந்தும் ஸ்கூட்டரின் எண்ணை யாரும் மாற்றச் சொல்லவில்லை. மாநிலத்துக்குள் வண்டி கைமாறினாலும், முகவரி மாறினாலும், எண் அதேதான்; ஆர்சியில் பெயரும் முகவரியும்தான் மாறும்.

அந்த ஸ்கூட்டரை அத்தை மகனுக்குக் கொடுக்கலாம் என்றபோதுதான் சிக்கல் வந்தது. நண்டலாறு சோதனைச் சாவடியைத் தாண்டினால் வேறு ஆட்சி. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே புது எண் வாங்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். யூனியன் பிரதேசத்துக்கும் இதேதான். அதற்கு முதலில் இங்கே படிவம் 28-இல் தடையில்லாச் சான்று கேட்க வேண்டும். சேசிஸ் எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பதிவெடுத்து அந்தப் படிவத்தில் ஒட்ட வேண்டும். பழைய வண்டி என்பதால் துரு ஏறி எண் தெரியவில்லை. சித்தப்பா மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்த பிறகுதான் தெளிவாக விழுந்தது. எண்ணில் ஒரு இலக்கம் மங்கினாலும் திருப்பிவிடுவார்கள் என்று முன்பே எச்சரித்திருந்தார். சான்று கிடைத்ததும் காரைக்காலில் படிவம் 27 கொடுத்து, அங்கே வரி கட்டி, PY 02 வாங்க வேண்டும்.

வாடகைக் காருக்கும் இதே எல்லைதான். மஞ்சள் பலகை வண்டியில் திருநள்ளாறு போகும் முன், "புதுச்சேரி பர்மிட் இருக்கா தம்பி?" என்று ஓட்டுநரிடம் கேட்டுக்கொண்டு ஏறுங்கள். நாங்கள் முதலில் பேசிய வண்டிக்குத் தமிழ்நாட்டு பர்மிட் மட்டும்தான் இருந்தது. வேறு வண்டி பிடித்தோம்.

நான் கிளம்பும்போது தடையில்லாச் சான்று இன்னும் வரவில்லை. ஸ்கூட்டர் TN 51 பலகையோடு சித்தப்பா வீட்டுத் திண்ணை ஓரமாக நிற்கிறது. மிக்சி மட்டும் அத்தை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.