ஐந்து நூல் பேரிங் வாங்கி ஏமாந்த கதை

சென்னை பாரிமுனையில் பேரிங் தேடிப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். நான் 2,800 ரூபாயை இழந்தேன்.

என் தச்சுப் பட்டறையில் பழைய அமெரிக்க வட்ட ரம்பம் ஒன்று இருக்கிறது. அதன் ஷாஃப்டின் விட்டம் ஐந்து நூல், அதாவது 5/8 அங்குலம், 15.875 மில்லிமீட்டர். அதில் மாட்டும் பேரிங்கின் வெளிவிட்டம் 40, அகலம் 12. இரண்டும் சாதாரண 6203 பேரிங்கின் அளவுகளே. ஆனால் சாதாரண 6203-இன் துளை 17 மில்லிமீட்டர். தெருமுனைக் கடைகளில் அதுதான் கிடைக்கும். ஐந்து நூல் துளை கிடைக்காது.

செம்புதாஸ் தெருவில் நான்கு கடைகளில் கேட்டேன், இல்லை என்றார்கள். பின்னாலேயே வந்த ஒருவர், "என்ன சார் தேடுகிறீர்கள்? குடோனில் இருக்கிறது, வாருங்கள்" என்று மாடிக்கு அழைத்துப் போனார். அவருடைய கமிஷனும் விலையில் சேரும் என்பது அப்போது உறைக்கவில்லை. புதுப் பெட்டியில் '6203-5/8' என்று ஸ்டிக்கர். இரண்டும் சேர்த்து 2,800. பில் கேட்டதற்கு வெறும் துண்டுச்சீட்டில் 'பேரிங் 2' என்று எழுதிக் கொடுத்தார்கள். மழை வேறு தூறிக்கொண்டிருந்தது, வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் ரம்பம் அலறியது. கழற்றிப் பார்த்தால், சாதாரண 6203-இன் துளைக்குள் அரை மில்லிமீட்டர்ச் சொச்சம் தடிமனுள்ள குழல் ஒன்றை அழுத்திச் செருகியிருக்கிறார்கள். குழல் நழுவிச் சுற்றியதில் ஷாஃப்டும் கீறிவிட்டது. காலிப்பரில் அளந்தால் துளை சரியாகத்தான் காட்டும், அதனால் அளவை மட்டும் நம்பாதீர்கள். உள்வளையத்தின் பக்கவாட்டு முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். துளையின் ஓரமாக மெல்லிய வட்டக்கோடு தெரிந்தாலோ, நகத்தை ஓட்டும்போது தட்டினாலோ குழல் செருகியதுதான். என் பேரிங்கின் பக்கத்தை மூடியிருக்கும் சீலில் வெறும் 6203 என்றுதான் பொறித்திருந்தது. பெட்டியின் ஸ்டிக்கரைப் படித்த நான் சீலைப் படிக்கவில்லை.

திரும்பப் போனேன். "விற்ற பொருள் வாங்குவதில்லை" என்றார்கள். அந்தச் சீட்டில் கடைப் பெயரும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. எங்கே போய்ப் புகார் செய்வது?

பிறகு பழைய பேரிங்கையே கையில் எடுத்துக்கொண்டு, பெட்டி பெட்டியாக அனுப்புகிற ஒரு மொத்த வியாபாரியிடம் போனேன். "உங்களிடம் இருக்கிறதா" என்று கேட்காமல், "அங்குல அளவு யார் வைத்திருப்பார்கள், ஐயா?" என்று கேட்டேன். சில்லறை விற்காதவருக்கு என்னிடம் லாபம் பார்க்க ஒன்றுமில்லை. பேரிங்கை விரலில் மாட்டிச் சுற்றிப் பார்த்தவர், இரண்டு சந்து தள்ளி அங்குல அளவு மட்டுமே விற்கும் கடையைச் சொன்னார். நான் முதல்நாள் அதைத் தாண்டித்தான் நடந்திருக்கிறேன்; பலகைகூட ஒழுங்காக இல்லாத கடை.

அங்கே ஒன்று 420 ரூபாய். பேரிங் எண்ணைப் பில்லில் எழுதச் சொன்னேன், மறுபேச்சில்லாமல் எழுதினார். ஷாஃப்டைச் சரிசெய்ய லேத் பட்டறைக்குக் கொடுத்த கூலி அதைவிட அதிகம்.